ஸ்பொன்சர் வேண்டும் என்பதை எங்கே, எப்போது சொல்வது?

ஹட்டனில் கொமினிகேஷன் கடைகளில் அடித்துக் கொடுக்கும் சீவியை எடுத்துப் பாருங்கள். முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், சமயம், சிவில் நிலை, கிராம சேவகர் பிரிவு, சாதாரண தரத்தில் எடுத்த ஒவ்வொரு பாடத்தின் பெறுபேறு என்று எல்லாம் இருக்கும். கடைசியில் உறவினர் அல்லாத இரண்டு பேரின் விலாசம், அதற்குக் கீழே மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மை என்று ஓர் உறுதிமொழி, கையொப்பம். உள்ளூர் வேலைக்கு இது போதும். இதே சீவி இங்கிலாந்துக்குப் போகும்போது அங்கே படிப்பவர் முதலில் தேடுகிற ஒரு விஷயம் மட்டும் அதில் இருக்காது. இந்த ஆளுக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, அல்லது நாங்கள் விசாவுக்கு ஸ்பொன்சர் செய்ய வேண்டுமா என்பதுதான் அது.

நான் இங்கிலாந்தில் நடுத்தர அளவான ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவில் நான்கு வருடம் இருந்தேன். இப்போது பண்டாரவளையில் இருக்கிறேன். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் சீவியைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, ஸ்பொன்சர் வேணும்னு முதல்லயே போட்டா கூப்பிடவே மாட்டாங்களே, அப்புறமா சொல்லிக்கலாமா?"

நியாயமான கேள்விதான். இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. நேர்முகம் வரை வாயே திறக்காமல் இருப்பது ஒன்று. படிவத்தில் கேட்டால் மட்டும் பதில் சொல்வது இன்னொன்று. சீவியின் தலையிலேயே ஒரு வரியில் எழுதிவிடுவது மூன்றாவது. சீவியோடு அனுப்பும் கடிதத்தில் பத்தி பத்தியாக விளக்குவது நான்காவது. பிரிட்டனை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றை ஒப்பிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பக்கத்து மேசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு வேலைக்கு நூறு, நூற்றைம்பது விண்ணப்பம் வரும். எங்கள் எக்செல் தாளில் பெயருக்குப் பக்கத்து நிரலில் வேலை அனுமதி பற்றி ஓர் எழுத்துப் போட வேண்டும். அனுமதி இருப்பவருக்கு ஒன்று, ஸ்பொன்சர் தேவைப்படுபவருக்கு ஒன்று, தெரியாவிட்டால் கேள்விக்குறி. அனுமதி இருப்பவர்களை முதலில் படிப்போம். ஸ்பொன்சர் தேவை என்று தெளிவாக எழுதியவர்களை அடுத்ததாகப் படிப்போம், ஸ்பொன்சர் செய்ய அரசாங்கம் கொடுக்கும் லைசன்ஸ் எங்களிடம் இருந்தது. கேள்விக்குறிக் கட்டைக் கடைசிக்கு வைப்போம். அந்தக் கடைசி பெரும்பாலும் வரவே வராது. அதற்குள் நேர்முகத்துக்கு ஆறு பேர் சேர்ந்துவிடுவார்கள். கேள்விக்குறி போட்ட ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பி உங்கள் நிலை என்ன என்று கேட்க எங்களில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

மௌனமாக இருப்பவர் அனுமதி இருப்பவர்களின் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறார். கொட்டகலை விலாசமும், 94 இல் தொடங்கும் தொலைபேசி இலக்கமும் உள்ள சீவியை யாரும் அப்படி நினைத்துப் படிப்பதில்லை. இதில் வருத்தமான இன்னொரு பக்கமும் உண்டு. பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள ஒருவரைக் கல்யாணம் செய்து துணைவர் விசாவில் இருப்பவருக்கும், நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தவருக்கும் யாருடைய ஸ்பொன்சரும் தேவையில்லை. ஆனால் அதை எழுதாவிட்டால், பெயரையும் படித்த பள்ளிக்கூடத்தையும் பார்த்து அவர்களுக்கும் அதே கேள்விக்குறிதான் விழும். எனவே அனுமதி இருப்பவர்களும் இதை எழுத வேண்டும்.

மறைத்துக்கொண்டே கடைசி வரை போய்விடலாமா என்றால் அதற்கும் வழியில்லை. பிரிட்டனில் ஒருவர் வேலையில் சேரும் முதல் நாளுக்கு முன்பே அவருடைய வேலை உரிமையை நிறுவனம் சரிபார்த்துப் பதிவு வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் அரசாங்க இணையதளத்தில் எடுத்த ஒரு பகிர்வுக் குறியீட்டையும் பிறந்த தேதியையும் கொடுப்பார். நிறுவனம் அதைப் போட்டுப் பார்த்தால் என்ன விசா, எந்தத் தேதி வரை, என்ன நிபந்தனை என்று எல்லாம் திரையில் வந்துவிடும். சரிபார்க்காமல் அனுமதி இல்லாத ஒருவரை வைத்திருந்து பிடிபட்டால், 2024 பெப்ரவரி 13 முதல் ஒரு ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம், மறுபடி பிடிபட்டால் 60,000 வரை. இந்தத் தொகை மனதில் இருக்கும் ஒரு மனிதவள அதிகாரி இரண்டு நேர்முகம் முடிந்த பிறகு "ஆ, எனக்கு ஸ்பொன்சர் வேண்டும்" என்று விண்ணப்பித்தவர் சொன்னால் கோபப்படுவதில் ஆச்சரியம் இல்லை. அவருடைய மேலாளர் இரண்டு மணி நேரம் உங்களோடு பேசியிருப்பார். அந்தப் பதவிக்கு ஸ்பொன்சர் செய்யப் பணம் ஒதுக்கியிருக்கவே மாட்டார்கள்.

அது எவ்வளவு பணம் என்று விண்ணப்பிப்பவருக்கும் தெரிந்திருப்பது நல்லது. லைசன்ஸ் ஏற்கெனவே உள்ள நிறுவனம் ஒருவருக்கு ஸ்பொன்சர் சான்றிதழ் ஒன்று ஒதுக்க, 2025 ஏப்ரல் கட்டணப்படி 525 பவுண். அதோடு குடிவரவுத் திறன் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. 2025 டிசம்பர் 16 முதல் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு அது வருடத்துக்கு 1,320 பவுண், சிறிய நிறுவனங்களுக்கு 480. மூன்று வருடத்துக்கு ஸ்பொன்சர் செய்தால் பெரிய நிறுவனத்துக்கு மொத்தம் 4,485 பவுண், சிறியதற்கு 1,965. கட்டுமான நிறுவனத்துக்கு இது பெரிய தொகை அல்ல, ஆனால் முன்கூட்டியே கையொப்பம் வாங்க வேண்டிய தொகை.

இங்கேதான் நான்காவது வழி, நீண்ட விளக்கக் கடிதம், சிக்கலில் மாட்டுகிறது. நம் பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் அடிக்கடி வரும் ஒரு வசனம்: "ஸ்பொன்சர் செலவு முழுவதையும் நானே ஏற்கத் தயார்." நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் திறன் கட்டணத்தை ஊழியரிடம் வாங்கக் கூடாது என்பது பழைய விதி. 2024 டிசம்பர் 31 முதல் ஒதுக்கும் சான்றிதழ்களின் கட்டணத்தையும், லைசன்ஸ் கட்டணத்தையும்கூட, ஸ்பொன்சரோடு கிடைக்கும் `Skilled Worker` என்ற தொழில் விசாவில் வருபவரிடம் வாங்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். மீறினால் நிறுவனத்தின் லைசன்சே போகலாம். ஆகவே அந்த வசனத்தைப் படிக்கும் அதிகாரிக்கு உங்கள் தாராளம் கண்ணில் படாது. இவர் விதி தெரியாதவர், அல்லது யாரோ ஓர் ஏஜென்ட் இவருக்குப் பின்னால் நிற்கிறார் என்றுதான் தோன்றும். விசா விண்ணப்பக் கட்டணமும் சுகாதாரக் கட்டணமும் உங்கள் கணக்கில் வரலாம், நிறுவனத்தின் பங்கு வராது. ஊரில் ஸ்பொன்சர் சான்றிதழ் வாங்கித் தருகிறோம், இத்தனை லட்சம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது வழி, படிவத்தில் கேட்டால் மட்டும் சொல்வது. இது தப்பில்லை, ஆனால் பாதி வேலை. பெரிய நிறுவனங்களின் படிவங்களில் இரண்டு கேள்விகள் தனித்தனியாக வரும். இப்போது உங்களுக்கு இந்த நாட்டில் வேலை செய்ய உரிமை இருக்கிறதா என்பது முதலாவது. இப்போதோ எதிர்காலத்திலோ ஸ்பொன்சர் தேவைப்படுமா என்பது இரண்டாவது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரே பதிலைப் போடுபவர்கள் பலர். அங்கிருந்து தப்பு தொடங்குகிறது, குறிப்பாக அங்கே படித்து முடித்து பட்டதாரி விசாவில் இருப்பவர்களுக்கு.

தலவாக்கலைப் பக்கத்துத் தங்கை ஒருத்தியின் கதை இது. முதுமாணிப் படிப்பை முடித்து 2023 பெப்ரவரியில் இரண்டு வருடப் பட்டதாரி விசா எடுத்தாள். அந்த விசாவில் யாருடைய ஸ்பொன்சரும் இல்லாமல் வேலை செய்யலாம். ஜூன் மாதம் ஒரு சிறிய நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவது கேள்வியை இரண்டு தரம் படித்திருக்கிறாள். இப்போதைக்குத் தேவையில்லைதானே, இரண்டு வருடத்தில் என் வேலையைப் பார்த்து அவர்களாகவே செய்வார்கள் என்று நினைத்து, இல்லை என்று போட்டுவிட்டாள். 27,500 பவுண் சம்பளத்தில் வேலை கிடைத்தது. நன்றாகவும் வேலை செய்தாள்.

2024 ஒக்டோபரில், விசா முடிய நான்கு மாதம் இருக்கும்போது, மேலாளரிடம் பேசினாள். அந்த நிறுவனத்திடம் லைசன்ஸ் இல்லை. எடுக்கலாம்தான், பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு எட்டு வாரத்துக்குள் முடிவு வந்துவிடும். ஆனால் அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. அவள் சேர்ந்த 2023 இல், படிப்பு முடித்து விசா மாறுகிற புதியவர்களை ஸ்பொன்சர் செய்யக் கொடுக்க வேண்டிய அடிமட்டச் சம்பளம் 20,960 பவுண். 2024 ஏப்ரல் 4 முதல் அது 30,960 ஆகிவிட்டது. அவளுடைய சம்பளம் முதல் எல்லைக்கு மேலே இருந்தது, இரண்டாவது எல்லைக்குக் கீழே போய்விட்டது. மூவாயிரத்துச் சொச்சம் கூட்டிக் கொடுக்கவும் லைசன்ஸ் எடுக்கவும் நிறுவனம் தயங்கியது. அவளுடைய படிவத்தை எடுத்துக் காட்டி, "நீங்கள் தேவையில்லை என்றுதானே எழுதியிருந்தீர்கள்" என்று மேலாளர் கேட்டபோது தன்னால் ஒன்றுமே பேச முடியவில்லை என்று சொன்னாள். பெப்ரவரியில் திரும்பி வந்தாள்.

2023 ஜூனில் உண்மையை எழுதியிருந்தால் அந்த நிறுவனம் அவளை எடுத்திருக்குமா? எடுக்காமலும் போயிருக்கலாம், இதில் நான் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. ஆனால் எடுத்திருந்தால், எல்லை உயர்வதற்கு முன்பு பத்து மாதம் கையில் இருந்திருக்கும். எடுக்காவிட்டால், லைசன்ஸ் உள்ள வேறு நிறுவனங்களைத் தேட இருபது மாதம் இருந்திருக்கும். அவள் நான்கு மாதத்தில் அகப்பட்டுக்கொண்டாள். பட்டதாரி விசாவில் இருப்பவர் எழுத வேண்டிய வரி இவ்வளவுதான்:

```
Right to work: yes, Graduate visa, valid to 14 Feb 2025.
Skilled Worker sponsorship required after that date.
```

தேதி போடுவது முக்கியம். தேதி இல்லாமல் ஸ்பொன்சர் தேவைப்படும் என்று மட்டும் எழுதினால் படிப்பவர் நாளைக்கே பணம் கட்ட வேண்டும் என்று எடுத்துக்கொள்வார். தேதி இருந்தால் இன்னும் இருபது மாதம் இவர் எங்களுக்குச் செலவில்லாமல் வேலை செய்யலாம் என்று கணக்குப் போடுவார். இரண்டும் ஒரே உண்மைதான், ஆனால் முதலாவது பாதி. இப்போது விண்ணப்பிப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இந்த விசா பதினெட்டு மாதமாகக் குறைகிறது, கலாநிதிப் பட்டக்காரர்களுக்கு மட்டும் மூன்று வருடம். கணக்குப் போட இருக்கும் காலம் சுருங்கிக்கொண்டே போகிறது.

இப்போது மூன்றாவது வழி, அதாவது சீவியின் தலையில் ஒரு வரி. வெளியே இருந்து, கையில் எந்த விசாவும் இல்லாமல் விண்ணப்பிப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் வரியை எழுதினால் மட்டும் போதாது. ஸ்பொன்சர் செய்யவே முடியாத இடத்துக்கு எவ்வளவு அழகாக எழுதி அனுப்பினாலும் வீண்தான். போன வருடம் வந்த கொட்டகலைத் தம்பியின் விண்ணப்பங்களை வைத்துச் சொன்னால் இது எளிதாகப் புரியும்.

வயது இருபத்தேழு. கட்டுமான அளவீடும் செலவுக் கணக்கும் பார்க்கும் கியூஎஸ் தொழிலில் பட்டம், கொழும்பில் மூன்று வருட அனுபவம். அதுவரை நாற்பது இடத்துக்கு அனுப்பியிருந்தார். ஒரு பதிலும் இல்லை. சீவியில் வேலை அனுமதி பற்றி ஒரு சொல் இல்லை. படிவத்தில் கேட்ட இடங்களில் உண்மையைச் சொல்லியிருந்தார், அது அவருக்குப் பெருமை. அந்த நாற்பது பெயர்களையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம்.

முதல் சல்லடை, லைசன்ஸ். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் `GOV.UK` தளத்தில் `Register of licensed sponsors: workers` என்ற பட்டியல் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு பெரிய எக்செல் மாதிரிக் கோப்பு. நிறுவனப் பெயர், ஊர், தரம், எந்த விசா வழி என்று நிரல்கள் இருக்கும். கடைசி நிரலில் `Skilled Worker` என்று இருக்க வேண்டும். சிலவற்றில் வேறு வழி மட்டும் இருக்கும், அது நமக்கு உதவாது. தேடும்போது வியாபாரப் பெயரில் மட்டும் தேடாமல் பதிவுப் பெயரிலும் தேட வேண்டும், விளம்பரத்தில் ஒரு பெயர், பட்டியலில் தாய் நிறுவனத்தின் பெயர் என்று இருப்பது சாதாரணம். நாற்பதில் பதினேழுதான் பட்டியலில் இருந்தன. மற்ற இருபத்துமூன்றுக்கும் அனுப்பிய நேரம் போனது போனதுதான்.

இரண்டாவது சல்லடை, தொழிலும் சம்பளமும். 2025 ஜூலை 22 முதல் இந்த விசாவுக்குப் பொதுவாகப் பட்டதாரி நிலைத் தொழில்கள்தான் தகுதி. கியூஎஸ் அதில் சேரும், தொழில் குறியீடு 2453. பொதுவான சம்பள எல்லை அன்றிலிருந்து வருடத்துக்கு 41,700 பவுண். அதோடு ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நடைமுறைச் சம்பளம் வைத்திருக்கிறார்கள், இரண்டில் எது கூடவோ அதுதான் எல்லை. தம்பி விண்ணப்பித்த உதவிக் கியூஎஸ் வேலைகளில் பலவற்றின் சம்பளம் முப்பத்துநான்காயிரம், முப்பத்தாறாயிரம். இதைப் பார்த்தவுடன் அவர் முகம் விழுந்துவிட்டது.

ஆனால் புதியவர்களுக்கு ஒரு குறைந்த எல்லை இருக்கிறது, 33,400 பவுண் அல்லது அந்தத் தொழிலின் நடைமுறைச் சம்பளத்தில் 70 வீதம், இங்கேயும் இரண்டில் எது கூடவோ அது. இருபத்தாறு வயதுக்குக் கீழே இருந்தால்தான் இது கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வழிதான். ஸ்பொன்சர் செய்யும் அந்த வேலையிலேயே தொழில்சார் அமைப்பொன்றின் பட்டய நிலையை நோக்கி ஒருவர் போய்க்கொண்டிருந்தாலும் புதியவர் கணக்கில் வரலாம். கியூஎஸ் காரர்களுக்கு அது ஆர்ஐசிஎஸ் அமைப்பின் பட்டய உறுப்புரிமை. தம்பி அதற்குப் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தார், ஆனால் சீவியில் அது மூன்றாம் பக்கத்தில், கிரிக்கெட் கப்டனாக இருந்ததற்குக் கீழே கிடந்தது. இந்தச் சலுகை, பட்டதாரி விசாவில் இருந்த காலத்தையும் சேர்த்து, மொத்தம் நான்கு வருடத்துக்குத்தான். அவர் அங்கே இருந்ததே இல்லை என்பதால் முழு நான்கும் இருந்தது. சம்பளத்தையும் பார்த்து, பட்டயத்துக்கு ஆதரவு தருகிறோம் என்று விளம்பரத்தில் சொன்ன நிறுவனங்களையும் பார்த்து வடித்ததில் பதினேழில் ஒன்பது மிஞ்சின.

அப்புறம்தான் வரியை எழுதினோம்:

```
Based in Sri Lanka. No UK work permission at present: Skilled Worker sponsorship required.
Quantity Surveyor (SOC 2453), working towards MRICS. Notice period: one month.
```

ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் இருக்கிறது. எங்கே இருக்கிறார் என்பது முதலில் வருகிறது, ஏனென்றால் நாட்டுக்கு வெளியே இருந்து வருபவருக்கும் உள்ளே விசா மாறுபவருக்கும் நிறுவனம் ஒதுக்கும் சான்றிதழ் வேறு வேறு. உள்ளே இருப்பவருக்கு, அந்த வருடத்துக்குக் கிடைத்த ஒதுக்கீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். வெளியே இருப்பவருக்கு அந்தக் குறிப்பிட்ட வேலைக்கென்று உள்துறை அமைச்சிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இடத்தைப் பார்த்தவுடன் அதிகாரிக்கு எது என்று தெரிந்துவிடும். அனுமதி இல்லை என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது. தொழில் குறியீடு இருப்பதால் இவர் விதியைப் படித்திருக்கிறார் என்று புரியும், அதைத் தேடும் வேலையும் மிச்சம். பட்டயம் பற்றிய சொற்கள் சம்பள எல்லையைத் திறக்கின்றன. மன்றாட்டு இல்லை, நன்றி இல்லை, நான் மிகவும் கடின உழைப்பாளி என்பதும் இல்லை. அதே பதிலைப் படிவத்திலும் போட்டோம். சீவியில் ஒன்றும் படிவத்தில் இன்னொன்றும் இருந்தால் எங்கள் மேசையில் அதைக் கேள்விக்குறிக்கும் கீழே வைப்போம்.

அந்த வரியை எழுதும்போது தம்பி ஒரு இடத்தில் நின்றார். அனுமதி "இல்லை" என்று தன்னைப் பற்றித் தானே எழுதுவது கூச்சமாக இருக்கிறது என்றார். எனக்கு அது புரிந்தது. 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் தாத்தா பாட்டிகள் எத்தனை படிவத்தில் எத்தனை தடவை உரிமை இல்லாதவர்கள் என்று எழுதப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கிற சட்டம் வந்தது 2003 இல்தான். காகிதத்தில் உரிமை பற்றிக் கேட்டால் பேசாமல் இருந்துவிடுவது நல்லது என்ற பழக்கம் நம் வீடுகளில் சும்மா வரவில்லை. ஆனால் இந்தக் கேள்வி வேறு. கண்டியில் பிறந்த சிங்களப் பொறியியலாளருக்கும், மும்பையில் இருக்கும் கணக்காளருக்கும், அமெரிக்கருக்கும் அந்த இடத்தில் பதில் "இல்லை" தான். ஒரு விசா இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர அந்தச் சொல்லில் வேறு எதுவும் இல்லை. இதைச் சொன்ன பிறகு தட்டச்சு செய்தார்.

இந்த வழியால் இழப்பு இல்லையா என்றால், உண்டு. தேவை என்று பெட்டியில் டிக் போட்டவுடன் சில நிறுவனங்களின் மென்பொருளே விண்ணப்பத்தைத் தள்ளிவிடும். பத்து நிமிடத்தில் மறுப்பு மின்னஞ்சல் வந்தால் மனிதர் யாரும் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். லைசன்ஸ் இருந்தும் இந்த வேலைக்கு ஸ்பொன்சர் இல்லை என்று நிறுவனம் முடிவெடுக்கலாம், பொதுவாக அதற்கு அவர்களுக்கு இடமுண்டு. அழைப்புகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் குறைகிற அழைப்புகள் எல்லாம் கடைசியில் இல்லை என்று முடிந்திருக்கக் கூடியவை. கொழும்பில் வேலை செய்துகொண்டே, இரவில் நேர்முகத்துக்குத் தயார் ஆகிற ஒருவருக்கு அந்த மிச்சமான இரவுகளே பெரிது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் வரியை எழுத வேண்டாம் என்பேன். விளம்பரத்திலேயே "ஸ்பொன்சர் செய்யப்படும், வெளிநாட்டிலிருந்து எடுக்கிறோம்" என்று சொல்லியிருந்தால், குறிப்பாக வைத்தியசாலைகள் தாதிகளை எடுக்கும்போது, சீவியின் தலையை அந்த வரிக்குக் கொடுப்பதைவிடத் தாதியர் சபைப் பதிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்குக் கொடுப்பது நல்லது. அங்கே ஸ்பொன்சர் ஏற்கெனவே முடிவான விஷயம், பதிவுதான் கேள்வி.

இந்த வரியை அப்படியே எல்லா நாட்டுக்கும் கொண்டுபோகவும் முடியாது. வளைகுடாவில் விசாவை எடுப்பதே வேலை கொடுப்பவர்தான், நம் ஊரில் விசா வந்துவிட்டது என்று சொல்வது அதனால்தான். டுபாய்க்கு எழுதுபவர் ஸ்பொன்சர் வேண்டும் என்று எழுதத் தேவையில்லை; அங்கேயே இருப்பவர் என்றால் விசிட் விசாவா, கணவர் விசாவா, ரத்தான விசாவா என்று எழுதினால் போதும். ஜெர்மனியில் இப்படி ஒரு லைசன்ஸ் பட்டியலே கிடையாது. அங்கே முதல் கேள்வி உங்கள் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்பது, எனவே வரியில், வெளிநாட்டுப் பட்டங்களைப் பட்டியலிடும் அனபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பது வர வேண்டும். அமெரிக்கப் படிவங்களில் நான் மேலே சொன்ன இரட்டைக் கேள்வி அப்படியே வரும். படிப்பு முடித்து அங்கே தற்காலிக அனுமதியில் வேலை செய்பவர் முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கும் ஆம் என்று போட வேண்டியவர். தலவாக்கலைத் தங்கை விழுந்த அதே குழி அங்கேயும் இருக்கிறது.

கொட்டகலைத் தம்பி ஒன்பது இடத்துக்கு அனுப்பினார். நான்கு பேர் பதில் போடவில்லை. மூன்று பேர் ஒரு வாரத்துக்குள் இந்தப் பதவிக்கு ஸ்பொன்சர் செய்வதில்லை என்று எழுதினார்கள். நாற்பது விண்ணப்பத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு மனிதர் காரணத்தோடு எழுதிய பதில் என்று அதைக்கூட அவர் என்னிடம் காட்டினார். ஒரு இடம் நிரம்பிவிட்டது. ஒன்பதாவது நிறுவனத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி அழைத்தார், இங்கே பின்னேரம் இரண்டரை மணி, அங்கே காலை பத்து. விசாவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, அது முன்னாலேயே இருந்த தாளில் இருந்தது. ஆர்ஐசிஎஸ் பதிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கொழும்பில் செய்த அளவீடுகள் எந்த ஒப்பந்த முறையில் என்று கேட்டார். இரண்டாவது நேர்முகம் அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை என்று முடிவானது.